புறங்கையும் தேன்குடமும்
(மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, கீழவளவுப் பக்கமிருந்து மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கு மிச்சம் வைக்காத ஹளரத் அவர்களே, ஐந்தாறு முறை போன் செய்து என்னை இழுத்து வந்த தலைமையாசிரியை அவர்களே, இந்தப் பொன்னாடையை வாங்கிப் போட்ட செயலாளர் அவர்களே. (பொன்னாடைக்குப் பதில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கியிருக்கலாம். போட்டபிறகு சொல்லிப் பயனில்லை.) மைக்செட் தம்பிக்கும் நன்றி.

நான் ஆலிம் இல்லை. சப் ரிஜிஸ்தார் ஆபீஸ் வாசலில் 30 வருஷம் பத்திரம் எழுதினவன். அதனால் சொத்தை நிறுத்தி வைத்து வருமானத்தைத் தர்மத்துக்கு விடும் வக்ஃபைப் பத்திரத்தின் பக்கமிருந்துதான் பேசுவேன். மூன்று செய்தி: வக்ஃபு எப்படி உண்டாகிறது, அதன் பணம் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருகிறது, மொராக்கோவில் ஃபெஸ் நகரத்து அல்-கரவிய்யீன் மாதிரிப் பெரிய கல்விக்கூடங்கள் வக்ஃபில் எப்படி நடந்தன.

முதலில் ஒரு பழமொழி. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்? நம்ம ஊரில் எந்த அறக்கட்டளைப் பேச்சு வந்தாலும் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். ஆனால் நபி (ஸல்) காலத்திலேயே இந்தப் புறங்கைக்கு விதி எழுதிவிட்டார்கள். கைபரில் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட அருமையான சொத்து எனக்கு வாய்த்ததில்லை, என்ன செய்யட்டும் என்று நபியிடம் கேட்டார்கள். விரும்பினால் மூலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மம் செய்யுங்கள் என்று பதில் வந்தது. அந்த நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகள் பங்கு போடக் கூடாது. பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் சொத்துச் சேர்க்கக் கூடாது. புறங்கைக்கு அனுமதி உண்டு, குடத்துக்கு இல்லை. அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள உமர் (ரலி) எழுதி வைத்தது மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களை. பெண் எப்படி வக்ஃபைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லியாவது என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

சரி, எப்படி உண்டாக்குவது? சொத்து வைப்பவருடைய சொந்தமாக இருக்க வேண்டும். வாழும்போது, நல்ல உடல்நிலையில், தன் சொத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சாகும் தறுவாயில் வைத்தாலோ உயிலில் எழுதினாலோ, வாரிசுகள் ஒப்பாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. பெண் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்காமல் தப்பிக்க வக்ஃபை எழுதச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு, நான் பேனாவை மூடிவிட்டேன். பழைய மார்க்கச் சட்டமான ஃபிக்ஹில் வாய்ச்சொல்லே போதும் என்று இமாம் அபூயூசுஃப் சொன்னார்கள், முத்தவல்லி கையில் ஒப்படைத்தால்தான் கட்டும் என்றார்கள் இமாம் முஹம்மது. இந்தியாவில் 2025 வக்ஃபு திருத்தச் சட்டத்துக்குப் பிறகு எழுத்துப் பத்திரம் இல்லாமல் புதிய வக்ஃபு கிடையாது. பத்திரம் எழுதுகிறவனுக்கு வேலை கூடியது என்று சிரிக்காதீர்கள்.

பத்திரத்தில் நான் எப்போதும் சண்டை போட்டுச் சேர்க்கும் வரி ஒன்று: "பள்ளிக்கூடம் என்றாவது நின்றுபோனால் வருமானம் ஏழைகளுக்கு." வக்ஃபு நிரந்தரமானது, அதன் பயன் அற்றுப்போக இடம் விடக் கூடாது. இன்னொரு வரி, வருமானத்தில் முதல் செலவு மராமத்து. ஹனஃபி சட்டத்தில் வைத்தவர் எழுதாவிட்டாலும் அதுதான் முதல். கூரை ஒழுகும்போது சம்பளம் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் வாடகை தரும் கடையே இருக்காது.

இப்போது ஒரு கதை. 1990களில் ஒரு மழை நாள். ஊர் பெயர் வேண்டாம். ஒரு பெரியவர் குடையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்கணும், கிரையப் பத்திரம் எழுது என்றார். பட்டா அவர் தாத்தா பேரில் இருந்தது. வில்லங்கம் போட்டிருந்தார், 30 வருஷத்துக்கு ஒன்றுமில்லை. எல்லாம் சுத்தம். "மூலப் பத்திரம் எங்கே பாய்?" என்றேன். "அது எதுக்கு தம்பி, பட்டா இருக்கே" என்றார். இல்லாமல் எழுத மாட்டேன் என்றதும் பக்கத்து மேஜைக்குப் போனார். பக்கத்து மேஜைக்காரர் என் சம்பந்தி. அவரும் அதையே கேட்டார்! கோபத்தில் குடையை மறந்துவிட்டுப் போனவர், மறுநாள் குடைக்காக வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே 1938 பத்திரம். மூன்றாம் வரியிலேயே வக்ஃபு என்றிருந்தது. விளைச்சலில் பிள்ளைகளின் ஓதற படிப்புக்கும் எழுதற படிப்புக்கும் செலவு செய்ய வேண்டியது, முத்தவல்லி இன்னார் என்று அவர் தாத்தா பெயர். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டா எழுதினவர்கள் முத்தவல்லி என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேரை மட்டும் எழுதிவிட்டார்கள். வில்லங்கம் 1938 வரை பின்னால் போகவில்லை. பெரியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுவரை தின்ன நெல்லுக்கு என்ன செய்ய?" என்று கேட்டார். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று சொல்லும் நாக்கு எனக்கு அன்று எழவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பட்டாவை வக்ஃபு பேருக்குத் திருத்த மனு எழுதிக் கொடுத்தேன். குடையை மறுபடி மறந்துவிட்டுப் போனார்.

ஆகவே முதல் சோதனை பட்டாவில். நிறுவனத்தின் பேர் இருக்கிறதா, ஆளின் பேரா? இரண்டாவது சோதனை கடையில். வாடகை ரசீதில் ஒருவர் பேர், கல்லாவில் வேறொருவர் என்றால் உள்வாடகை ஓடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் பள்ளிக்கு எழுதிவைத்த நாலு கடை. மாத வாடகை கடைக்கு 250 ரூபாய், பல வருஷமாக மாறவில்லை. வருஷத்துக்கு 12,000. எதிர்ச்சாரியில் அதே அளவுக் கடை 6,000. அந்த வாடகை வந்தால் வருஷம் 2,88,000. வக்ஃபு வாரியத்துக்கு நிகர வருமானத்தில் 5 சதவீதம் என்று திருத்தச் சட்டம் சொல்கிறது. முழு வாடகைக்கே கணக்குப் பார்த்தாலும் 14,400. மராமத்துக்கு 48,000 ஒதுக்குங்கள். மிச்சம் 2,25,600. மாதம் 15,000 சம்பளத்தில் ஓர் ஆசிரியைக்கு வருஷம் 1,80,000 போனாலும் நோட்டுக்கும் சீருடைக்கும் 45,600 இருக்கிறது. விற்காமல், கடன் வாங்காமல், யாரிடமும் கையேந்தாமல்.

வாடகையைக் கூட்டச் சொன்னால், கூட்டம் போடலாம், அவர் நம்ம ஆள், பாவம் என்பார்கள். நம்ம ஆள் உள்வாடகை 5,500 வாங்குகிறாரே என்று நான் கேட்டேன். அதற்கப்புறம் அந்த ஊர்க் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வருவதில்லை. வாடகைக்கு விடுவதிலும் எல்லை உண்டு: விவசாய நிலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது, கல்வி, மருத்துவம், வணிகம் என்றால் 30 வருஷம் வரை, அதுவும் அனுமதியோடு. 99 வருஷம் என்று எழுதின காகிதம் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள்.

இதைத்தான் நான் இரண்டு வருஷமாக மேடைக்கு மேடை கேட்கிறேன். எந்தக் கடை, யார் பேரில், எவ்வளவு வாடகை, பள்ளிக்கு எவ்வளவு வந்தது என்று நாலு வரியைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ரமளானுக்கு முன்னால், வைத்தவருடைய பத்திரத்தைச் சத்தமாக வாசியுங்கள். வைத்தவரின் நிபந்தனை சட்டத்தின் சொல் மாதிரி என்று மார்க்கச் சட்ட அறிஞர்களான ஃபகீஹுகள் சொன்னது வாசித்தால்தானே தெரியும்? நல்ல முத்தவல்லிக்கும் அது காவல். புறங்கையில் ஒட்டினதுக்கு அவர் பயப்பட வேண்டாம், குடத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லிக் கொள்ளலாம்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அல்-கரவிய்யீனை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம். வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய வக்ஃபு பத்திரம், வாடகைச் சீட்டு, யு.டி.ஆர். பட்டா எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளித் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். நகல் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மூலத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். குடையை மறக்காமல் கொண்டு போங்கள்.