பணம் போய்ச் சேரவில்லையா? எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். மளிகைக் கடையில் ஒரு அம்மா கைபேசியில் 850 ரூபாய் அனுப்புகிறார். கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. யாரிடமாவது உதவி கேட்கிறார். அது உதவி மைய ஊழியராக இருக்கலாம், வங்கி முகவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். உதவுகிறவர் முதலில் என்ன சொல்வார்? "உங்க விவரமெல்லாம் சொல்லுங்க." தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லாம் என்றால் அந்த அம்மா எல்லாவற்றையும்தானே சொல்வார்? பெயர், கணக்கு எண், ஆதார், பயத்தில் ரகசிய எண்ணும்கூட.

எந்தக் கேள்வி கேட்கும் முன்பும் மனதுக்குள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் இப்படி வந்தால் நான் என்ன செய்வேன், அப்படி வந்தால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் செய்யப்போவது ஒன்றே என்றால் அந்தக் கேள்வி வேண்டாம்.

அந்த 850 ரூபாய்க்கே வருவோம். முதல் கேள்வி: "திரையில் என்ன போட்டிருக்கு? வெற்றி, நிலுவை, தோல்வி, இந்த மூன்றில் எது?" வெற்றி என்றிருந்தால் பணம் ஏதோ ஒரு கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, கடைக்காரர் தன் இன்னொரு கணக்கைப் பார்க்கட்டும், பணம் போன பெயரையும் சரிபார்க்கட்டும். நிலுவை என்றால் பொறுத்திருக்க வேண்டும், மறுபடி அனுப்பக் கூடாது. அனுப்பினால் இரண்டு முறை போய்விடும். தோல்வி என்றும் காட்டி, பணமும் கழிந்திருந்தால் அடுத்த கேள்வி.

"கடைக்கு அனுப்பினீங்களா, தனி ஆளுக்கா? எந்தத் தேதி?" இது வீண் விசாரணை இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, யுபிஐயில் தனி ஆளுக்கு அனுப்பி அவருக்குச் சேராவிட்டால், அனுப்பிய நாளுக்கு மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே பதிலைப் பொறுத்து நாம் சொல்லும் கெடுவே மாறுகிறது. என்ன வாங்கினார் என்பதைப் பொறுத்து எதுவும் மாறாது. அதைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர்!

கெடு தாண்டிவிட்டால் புகார். அப்போதுதான் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண் தேவை. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் கழிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "கணக்கில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்கக் கூடாது. "கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்ததா? தொகையையும் தேதியையும் மட்டும் படிங்க" என்றால் போதும். குறுஞ்செய்தியை அப்படியே அனுப்பச் சொல்லாதீர்கள். பல வங்கிகளின் செய்தியில் கடைசி வரியில் இருப்புத் தொகை இருக்கும். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாலும் இதே கதைதான். தேவையான பகுதியை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

இனி, எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாதவை. யுபிஐ ரகசிய எண், ஏடிஎம் ரகசிய எண், ஓடிபி, அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கம். ஏன் என்று சொல்கிறேன். இவை கோளாறு எங்கே என்பதைக் காட்டுவதே இல்லை. இவை சாவிகள். பூட்டு பழுது என்று வருகிறவரிடம் வீட்டுச் சாவியை நம் கையில் வாங்கி வைத்துக்கொள்வதில்லை அல்லவா? பணம் திரும்பி வருவதற்கும் ரகசிய எண் வேண்டாம். இதை மறுபடியும் சொல்கிறேன், பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

கேட்காமலே ஒருவர் சொல்ல ஆரம்பித்தால்? பாதியிலேயே நிறுத்துங்கள். "அம்மா, அது வேண்டாம், சொல்லாதீங்க." சொல்லிவிட்டார் என்றால் எழுதி வைக்காமல், உடனே ரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.

ஆதாரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் குறைவாக இருக்கிறது. இந்தப் புகாருக்கு ஆதார் வேண்டாம். வேறெங்காவது உண்மையிலேயே வேண்டுமென்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேளுங்கள். வயதும் அப்படித்தான், மூத்த குடிமக்கள் சலுகைக்குப் பிறந்த தேதி எதற்கு, "60 நிறைந்துவிட்டதா?" என்பதே முதல் கேள்வி. ரகசிய எண்ணைச் சொல்லிப் பணத்தை இழந்தவர்கள் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். வணக்கம்.