ஐந்தாம் எண்ணில் நின்றவர்

நேயர்களுக்கு வணக்கம். பொய் சொல்லும் எண்ணமே இல்லாத ஒரு சாட்சி, தவறான ஆளை முழு உறுதியோடு அடையாளம் காட்டிவிட முடியும். அந்த உறுதி எப்படி உருவாகிறது என்பதை ஒரு வழக்கின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

1984 ஜூலையில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் நகரில், 22 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தம் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்று, அந்தக் கொடிய நேரத்திலும் அவர் அவனுடைய முகத்தை உற்றுக் கவனித்தார். பிறகு காவல்துறையினர் காட்டிய ஆறு புகைப்படங்களைச் சில நிமிடங்கள் ஒப்பிட்டுப் பார்த்து, ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். கண்டதும் அறிந்துகொண்ட முகமாக இருந்தால் இத்தனை நேரம் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். இருப்பவர்களுள் யார் அதிகம் ஒத்திருக்கிறார் என்றுதான் மனம் தேடியிருக்கிறது.

அடுத்து நேரடி அடையாள அணிவகுப்பு நடந்தது. நான்காம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் இடையே தயங்கிய அந்தப் பெண், ஐந்தாம் எண்ணைக் குறிப்பிட்டார். அங்கே நின்றவர் காட்டன். புகைப்படத்திலும் அணிவகுப்பிலும் இடம்பெற்றிருந்தவர் அவர் ஒருவரே என்பதால், அந்த முகம் பழகியதாகத் தோன்றியதற்குப் புகைப்படமே காரணமாக இருந்திருக்கலாம். படத்தில் தேர்ந்தெடுத்த அதே ஆளைத்தான் இப்போதும் காட்டியிருக்கிறார் என்று காவலர்கள் சொன்னதும், மிச்சமிருந்த தயக்கமும் மறைந்தது. அதன்பின் அன்றிரவின் நினைவிலேயே காட்டனின் முகம் குடியேறிவிட்டது. 1985இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1987இல் நடந்த மறுவிசாரணையில், உண்மைக் குற்றவாளி என்று பின்னர் தெரியவந்த பாபி பூல் நீதிமன்றத்துக்கே கொண்டுவரப்பட்டான். அவனை நேருக்கு நேர் பார்த்தும், இவனை நான் கண்டதே இல்லை என்றார் அந்தப் பெண். அவர் நேர்மையாகவே சொன்னார். அதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்த காட்டன், 1995இல் மரபணுச் சோதனைக்குப் பிறகே விடுதலையானார்.

அயோவாவைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் கேரி வெல்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ஒரு காணொளியைப் பார்த்துத் தவறான படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுள் சிலரிடம் மட்டும், சந்தேகத்துக்குரியவரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று ஒரு வரி சொன்னார்கள். அவர்கள், தொடக்கம் முதலே தமக்கு ஐயமில்லை என்றும், முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் மற்றவர்களைவிட உறுதியாகக் கூறினார்கள்.

வட கரோலினா 2007இல் இயற்றிய சட்டம் இந்த ஒரு வரிக்குத்தான் இடமில்லாமல் செய்கிறது. சந்தேகத்துக்குரியவர் யார் என்று அறியாத அலுவலரே அணிவகுப்பை நடத்த வேண்டும். குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று முன்பே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதை, யாரும் எதுவும் சொல்வதற்கு முன், சாட்சியின் சொந்தச் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும்.