மூடி தானா எந்திரிச்சது ஏன்? ஜன்னல் சீட் பெட்டிக்கு பம்ப், பியானோ கீல், கொக்கி

வணக்கம் மக்களே. இப்ப நான் உக்காந்திருக்கேன்ல, இதுதான் நம்ம ஜன்னல் சீட். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், மேல ரெண்டு இஞ்ச் குஷன், உள்ள முழுக்க சாமான் வைக்கிற பெட்டி. போன வருஷம் இதைக் காட்டினப்ப நிறைய பேர் "அந்த ஹைட்ராலிக் பம்ப் எத்தனை நியூட்டன்?"னு கேட்டிருந்தீங்க. மூடியைத் தூக்கிப் பிடிக்கிற அந்த பம்ப்புக்கு அப்ப நான் 150னு சொன்னேன். அது தப்பு. ஏன் தப்புன்னு இன்னைக்கு முழுசா சொல்லப் போறேன், ஏன்னா என் பேச்சைக் கேட்டு யாராவது வாங்கி மாட்டியிருந்தா நீங்களும் மாத்தணும்.

நடந்தது இதுதான். போன மாசம் குஷன் உறையைத் துவைக்கணும்னு குஷனை மொத்தமா எடுத்தேன். எடுத்து ரெண்டு அடி நகரல, மூடி தானா எந்திரிக்க ஆரம்பிச்சிடுச்சு. கையால அமுக்கினா படியுது, கையை எடுத்தா மேல வருது. பம்ப் கெட்டுப்போச்சோன்னுதான் முதல்ல நெனச்சேன். கெடல. பம்ப் அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. நான்தான் கணக்கு போடாம மாட்டியிருந்தேன்.

அந்தக் கணக்கை இப்ப சேர்ந்து போடுவோம், ரொம்ப லேசுதான். மூடிப் பலகையைக் கழட்டி வீட்டு எடை மெஷின்ல வச்சேன். 18 எம்எம் ப்ளைவுட், 5 கிலோ. குஷன் ஒரு கிலோ. மொத்தம் 6. மூடியோட அகலம் 35 சென்டிமீட்டர். அடி ஒன்றரைன்னு சொல்லிட்டு 35 எப்படின்னா, பின்னாடி 10 சென்டி பட்டைப் பலகை ஒன்னு அசையாம நிக்குது. அதுக்கு அப்புறம் வரேன். எடை முழுக்க மூடியோட நடுவுல இருக்குன்னு வச்சுக்கோங்க. அப்ப கீல்ல இருந்து 17.5 சென்டி. 6 பெருக்கல் 17.5, 105. மூடி கீழ விழணும்னு இழுக்கிற திருப்பம் இவ்வளவு, கிலோ சென்டிமீட்டர் கணக்குல.

இப்ப பம்ப். 10 நியூட்டன்னா ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு பம்ப் 150, ரெண்டு சேர்ந்து 300, அதாவது 30 கிலோ தள்ளுது. ஆனா அது எங்க இருந்து தள்ளுதுங்கறதுதான் விஷயம். மூடி மூடியிருக்கும்போது பம்ப் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். பக்கப் பலகையில பம்ப் போற கோட்டை பென்சில்ல நீட்டி வரைஞ்சேன். இதோ, இந்தக் கோடுதான், இன்னும் அழிக்கல. கீலோட கம்பியில இருந்து இந்தக் கோட்டுக்குச் செங்குத்தா ஸ்கேல் வச்சா 3 சென்டி. 30 பெருக்கல் 3, 90. குஷனோட 105, பம்ப் 90, அதனால மூடி படிஞ்சு கிடந்துச்சு. குஷனை எடுத்தா 5 பெருக்கல் 17.5, 87.5தான். 90 ஜெயிச்சிடுச்சு. அவ்வளவுதான் சங்கதி.

சரி, 80 நியூட்டன் ரெண்டு போட்டா? 16 பெருக்கல் 3, 48. மீதி 57-ஐ நம்ம கைதான் தூக்கணும். முன் விளிம்புல பிடிச்சுத் தூக்குறோம், அது கீல்ல இருந்து 35 சென்டி. 57-ஐ 35-ஆல வகுத்தா 1.6 கிலோ. ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்குற மாதிரி. என் அம்மாவால ஒரு கையில தூக்க முடியுது. இப்ப மாட்டியிருக்கறது இதுதான். பாருங்க, தூக்கறேன். முதல்ல கைக்கு கனமாத் தெரியுது. ஏழு இஞ்ச் உயரம் வந்ததும், இந்தா, கையை எடுத்துட்டேன், தானா மேல போகுது. மூடி நிமிர நிமிர எடையோட இழுப்பு குறையும், பம்ப் படுத்த நிலையில இருந்து எழுந்து தள்ளும் தூரம் கூடும். ஏறக்குறைய 30 டிகிரியில ரெண்டும் சமமாகுது.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, கொஞ்சம் கவனமா கேளுங்க. அந்த ஏழு இஞ்சுக்குக் கீழ இந்த மூடி விழும். இதோ ரெண்டு இஞ்ச் தூக்கி விடறேன். டப்புன்னு விழுந்துச்சு பாருங்க. பம்ப் மாட்டியாச்சு, இனி விரல் நசுங்காதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. கடைசி ஏழு இஞ்சுலதான் விரல் மாட்டும், அங்கதான் பம்ப்புக்கு பலம் கம்மி.

அமெரிக்காவுல பொம்மைப் பெட்டிக்கு ASTM F963-னு ஒரு தரவிதி இருக்கு. மூடியை ரெண்டு இஞ்ச் உயரத்துல இருந்து 60 டிகிரி வரைக்கும் எங்க கொண்டு போய் விட்டாலும், 12 எம்எம்முக்கு மேல இறங்கக் கூடாது. என் ஜன்னல் சீட் அந்தச் சோதனையில தேறாது, கண்ணாலேயே பாத்தீங்க. அதனால இதை குழந்தை விளையாடுற பெட்டின்னு நான் சொல்ல மாட்டேன். பெரியவங்க போர்வை, தலகாணி எடுக்கிற பெட்டி. அதுலயும் முன் ஓரம், பக்க ஓரமெல்லாம் 12 எம்எம் ரப்பர் குமிழ் ஒட்டி இடைவெளி விட்டிருக்கேன். மூடி விழுந்தாலும் விரல் நுழையற அளவு சந்து இருக்கும்.

என் தங்கச்சி பொண்ணுக்கு மூணு வயசு. அவளோட பொம்மைப் பெட்டிக்கு வேற வகை போட்டிருக்கோம், டார்ஷன் ஸ்டே. உள்ள முறுக்கு ஸ்பிரிங் இருக்கும், எந்தக் கோணத்துல விட்டாலும் அங்கயே நிக்கும். அது இஞ்ச் பவுண்டு கணக்குல வரும். நம்ம கிலோ சென்டிமீட்டரை 0.87-ஆல பெருக்கினா கெடைக்கும். இந்த மூடிக்குன்னா 105, அது 91 இஞ்ச் பவுண்டு, 50 அளவுல ரெண்டு போடலாம். ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த வகையில நிறைய மாடலுக்கு ஸ்டேவே கீலாகவும் வேலை செய்யும். அதோட, மூடி நீளம் முழுக்க ஒரே துண்டா ஓடற பியானோ கீலையும் சேர்த்துப் போட்டா ரெண்டோட அச்சும் கொஞ்சம் விலகி ஒன்னை ஒன்னு முறுக்கி, திருகு எல்லாம் பிடுங்கிட்டு வரும். ரெண்டுல ஒன்னுதான்.

இப்ப கீலுக்கு வருவோம். முதல்ல ஆசாரி அண்ணன் மூணு இஞ்ச் கீல் ரெண்டுதான் போட்டாரு. ஒரு பக்கத்துக்கு மூணு திருகு, ஆக மொத்தம் ஆறு திருகு மூடியைப் பிடிச்சிருந்துச்சு. பம்ப் மூடியிருக்கும்போதும் சும்மா இருக்காதுங்க, ராத்திரி பகலா அந்த 30 கிலோவைத் தள்ளிட்டே இருக்கும். அதை வாங்கிக்கறது கீலும் அந்த ஆறு திருகும். அதுவும் ப்ளைவுட்டோட ஓரத்துல, அடுக்கு அடுக்கா இருக்கற இடத்துல ஏத்துன திருகு. ஏழாவது மாசம் மூடி ஒரு பக்கமா நகர்ந்து சந்து கோணலாச்சு. திருகைத் தொட்டா விரலாலேயே சுத்துது.

அதனால பியானோ கீல். ஆறு அடி நீளமா வாங்கி, ஹேக்ஸா பிளேடால நாலு அடிக்கு வெட்டினோம். வெட்டும்போது குழாயோட கணு சேர்ற இடத்துல வெட்டணும், நடுக்கணுல வெட்டினா கடைசி கணு பாதியா தொங்கும். ரெண்டு இஞ்சுக்கு ஒரு திருகு, ஒரு பக்கத்துக்கு 24. ஆனா திருகு எண்ணிக்கை மட்டும் போதாது. முதல்ல ப்ளைவுட் ஓரத்துல 20 எம்எம் தேக்கு ரீப்பர் ஒட்டி, ஒரு ராத்திரி கிளாம்ப்ல விட்டோம். திருகு இப்ப கட்டை மரத்துல பிடிக்குது. 2 எம்எம் டிரில் பிட்ல முதல்ல துளை போட்டுத்தான் திருகினது.

திருகுற வரிசை: ரெண்டு முனையில ஒன்னொன்னு, நடுவுல ஒன்னு, அவ்வளவுதான். மூடித் திறந்து பாக்கணும். நேரா வந்தா மீதி. முழுசா அடிச்சுட்டு கோணல்னு கண்டுபிடிச்சா 48 துளையும் வீண். அப்புறம் திருகோட தலை. கீல்ல இருக்கற குழிக்குள்ள தலை முழுசா இறங்கணும். கொஞ்சம் பெரிய தலைன்னா, மூடும்போது ரெண்டு பக்கத் தலையும் மோதிக்கும். எப்படித் தெரியும்னா, முன் விளிம்பு கடைசி அரை இஞ்சுல ஸ்பிரிங் மாதிரி எம்பும். அமுக்கி மூடாதீங்க, பின்னாடி திருகு பிடுங்கும். திருகை மாத்துங்க.

அந்தப் பட்டைப் பலகை சொன்னேன்ல. மூடி நேரா சுவர் வரைக்கும் வந்தா, திறக்கும்போது குஷன் சுவத்துல முட்டி, 90 டிகிரிக்கே வராது. மூடி நிக்காம நம்ம தலை மேல திரும்ப விழும். 10 சென்டி விட்டதுல குஷனுக்கு 5 போயிடுது, மீதி 5 சென்டியில மூடி 98 டிகிரி வரைக்கும் சாயுது. குஷனையும் கீலை ஒட்டி வைக்காம ஒரு விரல் தள்ளி வச்சிருக்கேன், இல்லன்னா பின் ஓரம் பட்டைப் பலகையில நசுங்கும்.

கடைசியா இந்தக் கொக்கி. இதோ என் கையில இருக்கு, பித்தளை, பழைய ட்ரங்குப் பெட்டியில வர்ற மாதிரி. பாக்க ரொம்ப அழகு, நானே ஆசைப்பட்டு வாங்கி மாட்டினது. மூடியை விட்டா தானா 'க்ளக்'னு மாட்டிக்கும். இதைக் கழட்டிட்டேன். 1996-ல அமெரிக்காவுல லேன்-ங்கற கம்பெனியோட தேவதாரு மரப் பெட்டிகள், ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம், பூட்டை மாத்தணும்னு திரும்ப அழைச்சாங்க. 1912-ல இருந்து 1987 வரைக்கும் செஞ்ச பெட்டிங்க. மூடினா தானா பூட்டிக்கும், உள்ள இருந்து திறக்கவே முடியாது. ஒளிஞ்சு விளையாடப் போன குழந்தைங்க உள்ளேயே மூச்சுத் திணறி இறந்திருக்காங்க. இதைப் படிச்ச அன்னைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

கையால இழுத்து மாட்டுற நாதாங்கி தானா பூட்டாது, சரி. ஆனா வெளிய நிக்கற இன்னொரு குழந்தை மாட்டி விடலாமே. குழந்தை வர்ற வீட்டுல அதுவும் வேணாம். மூடி அசையாம இருக்கணும்னா சின்ன காந்தப் பிடி போதும். உள்ள இருந்து தள்ளினா நாலரை கிலோ தள்ளலுக்குள்ள திறந்துக்கணும். எடை மெஷினை மூடிக்கு அடியில தலைகீழாப் பிடிச்சு அமுக்கிப் பாத்தா தெரிஞ்சிடும்.

கொக்கி இருந்த நாலு துளைக்கும் தேக்குக் குச்சி சீவி, பசை தடவி அடிச்சாச்சு, பாலிஷ்தான் பாக்கி. இந்தப் பக்கப் பலகையில ஹோல் சா வச்சு 35 எம்எம்ல ரெண்டு ஓட்டை, ஒரு ஜாண் தள்ளி. காத்து போக. சுவர்ப் பக்கம் போட்டா அடைச்சுக்கும்னுதான் அறைப் பக்கமா போட்டிருக்கேன்.