வெள்ளைக் கோட்டுக்குள் நடப்பது
(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேரன்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு முன் சிற்பம் பற்றி அருமையாகப் பேசி அமர்ந்த ஓவியக் கல்லூரி முன்னாள் முதல்வர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, மழையென்றும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். நூலக அலுவலர் அவர்களுக்குத் தனியாகவும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணி வரை இந்தக் கூடத்தைத் திறந்து வைத்திருப்பதே அவர் காட்டும் பெரிய அன்பு. அவரிடம் ஒரு விண்ணப்பமும் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான்" என்று என் பாட்டி சொல்வார். படம் போட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தாலே "பாடத்தைப் படிடா" என்று பிடுங்கிய வீட்டில், அந்தப் பழமொழியைச் சொல்லி என்னைக் காப்பாற்றியவர் அவர்தான். காமிக்ஸைப் பற்றி இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, கட்டம். இரண்டு, கட்டங்களின் வரிசை. மூன்று, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு. ஆங்கிலத்தில் அதைக் 'கட்டர்' என்கிறார்கள். நான் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெரு வாடகை நூலகம்.

தீப்பெட்டி மாதிரி ஒரு கடை அது. நாளைக்குப் பத்து பைசா. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்த பிறகு, எங்கள் தெருப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் நிற்போம். ஒருநாள் நான்கு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு புத்தகம் எடுத்தோம். திண்ணையில் உட்கார்ந்து, தலையோடு தலை முட்டிப் படித்துக்கொண்டு போகிறோம். நாயகன் ஒரு கதவின் பிடியைப் பிடிக்கிறான். பக்கத்தைப் புரட்டினால், அவன் ஆற்றுக்குள் நீந்திக்கொண்டிருக்கிறான்! நடுவில் ஒரு தாள் இல்லை. யாரோ கிழித்துவிட்டார்கள்.

அந்தத் தாளில் என்ன இருந்தது? பெரிய சண்டையே வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தான், அடித்து ஜன்னல் வழியாகத் தள்ளினான் என்றான் ஒருவன். கதவே பொய்க்கதவு, திறந்தால் நேரே ஆறுதான் என்றான் இன்னொருவன். என் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அவன் பயந்து ஓடியிருப்பான்டா" என்றாள். நாயகன் பயப்படுவானா என்று நாங்கள் நால்வரும் அவள் மேல் பாய்ந்தோம். சண்டை ஒரு வருஷம் ஓடியது. பல ஆண்டுகள் கழித்து, சென்னையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதே புத்தகம் முழுசாகக் கிடைத்தது. கை நடுங்க அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கதவைத் திறக்கிறான், உள்ளே கூட்டம் நிற்கிறது, எடுத்தான் ஓட்டம்! அக்கா சொன்னதுதான். அன்றிரவே அவளுக்குக் கடிதம் எழுதினேன்.

கிழிந்த தாளும் வெள்ளைக் கோடும் ஒன்றல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இரண்டிலும் நாம்தான் நடுவில் நடந்ததை இட்டு நிரப்புகிறோம். ஆனால் கிழிந்த தாளை நான்கு பேர் நான்கு விதமாக நிரப்பினோம். ஓவியர் விட்ட இடைவெளியை நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே விதமாக நிரப்புவோம். அதன் இரண்டு கரைகளையும் அவர் அப்படிக் கட்டியிருப்பார். ஸ்காட் மெக்ளவுட் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் 1993-இல் வெளியிட்ட நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் வழிகளை ஆறாகப் பிரித்தார். ஆறையும் சொல்ல நேரம் இல்லை. எனக்குப் பிடித்தது முதலாவது, கணத்திலிருந்து அடுத்த கணத்துக்குத் தாவுவது. இமை திறந்திருக்கும் ஒரு கட்டம், மூடியிருக்கும் அடுத்த கட்டம். நடுவில் இமையை மூடியது நீங்கள்.

இந்த வகையை உச்சத்துக்குக் கொண்டுபோன ஒரு கதையை இன்று முழுசாகப் பார்ப்போம். நியூயார்க்கின் ஈசி காமிக்ஸ் நிறுவனம் 1955-இல் தொடங்கிய 'இம்பாக்ட்' இதழின் முதல் எண்ணில் வந்தது. பெயர் 'மாஸ்டர் ரேஸ்'. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். எட்டே பக்கம்.

கார்ல் ரைஸ்மன் என்ற ஜெர்மானியர் நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறுகிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியும் நாஜி வதைமுகாம் நினைவு அவரை விடவில்லை. கறுப்பு உடுத்திய ஒருவர் அதே பெட்டிக்குள் வருகிறார். ரைஸ்மன் நடுங்குகிறார். பாவம், முகாமில் துன்பப்பட்டவர் போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டே போகிறோம். பிறகுதான் தெரிகிறது, அவர் பெல்சன் முகாமின் தளபதியாக இருந்தவர். வண்டியிலிருந்து இறங்கி ஓடுகிறார், நடைமேடையில் கால் வழுக்குகிறது, வருகிற ரயிலின் முன் விழுகிறார்.

இந்தக் கதை பிறந்த விதத்தைக் கேளுங்கள். அந்த நிறுவனத்தில் எழுத்துதான் முதலில். வசனமும் விவரிப்பும் லெராய் என்ற எழுத்துக் கருவியால் அட்டையில் பதிக்கப்பட்ட பிறகே அட்டை ஓவியர் கைக்கு வரும். எழுத்து நின்ற இடம் போக, மிச்சத்தில் படம் வரைய வேண்டும். கிரிக்ஸ்டீனுக்கு வந்தது ஆறு பக்கக் கதை. இதற்குப் பன்னிரண்டு பக்கம் வேண்டும் என்று கேட்டார். பேசிப் பேசி எட்டு கிடைத்தது. அவர் கத்தரியை எடுத்து அட்டைகளை வெட்டினார். எழுத்துத் துண்டுகளை எட்டுப் பக்கத்துக்குப் பரப்பி ஒட்டினார். வசனம் அதேதான், ஒரு சொல்லும் கூடவில்லை. அப்படியானால் கூடுதலாகக் கிடைத்த இடமெல்லாம் எங்கே போனது? மௌனத்துக்குப் போனது! சொல்லே இல்லாத கட்டங்கள் அப்படித்தான் பிறந்தன.

ரைஸ்மன் விழுகிற இடத்துக்கு வருவோம். இரண்டு அடுக்குகள், இரண்டிலும் வசனம் கிடையாது. கட்டங்கள் ஒல்லியாக, நெடுநெடுவென்று, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கட்டத்தில் உடல் நிலை தடுமாறுகிறது. அடுத்ததில் இன்னும் சற்றுச் சாய்கிறது. உண்மையில் ஒரு நொடிகூட ஆகாத விழுகை. ஆனால் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிலும் கண் ஒருமுறை நின்று தாண்ட வேண்டியிருப்பதால் அந்த நொடி நீண்டுகொண்டே போகிறது. அகலமான ஒரே கட்டத்தில் இதே விழுகையை வரைந்திருந்தால் ஒரு பார்வையில் முடிந்திருக்கும். பிறகு ரயில் கடக்கிறது. ஜன்னலில் தெரியும் முகங்கள் ஒவ்வொன்றும் இரண்டாக, மூன்றாகச் சிதறுகின்றன. ரயில் மோதும் கணத்தைக் கிரிக்ஸ்டீன் காட்டவே இல்லை. அது கோட்டுக்குள் நடக்கிறது, அதாவது நம் மனதுக்குள்.

கலை வரலாறு படித்தவர்களுக்கு அந்தச் சிதறிய முகங்களைப் பார்த்ததும் இத்தாலியின் எதிர்காலவாத ஓவியர்கள் நினைவுக்கு வருவார்கள். ஜாக்கோமோ பாலா 1912-இல் ஒரு நாயை வரைந்தார். ஓடுகிற வேகத்தைக் காட்ட அதற்கு ஏகப்பட்ட கால்கள் போட்டார். அவர் நகர்வு முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் அடுக்கினார். கிரிக்ஸ்டீன் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: விழும் மனிதனைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்தார், விரையும் ரயிலை ஒரே கட்டத்துக்குள் அடுக்கினார். விழுபவனின் நேரம் நீள்கிறது, ரயிலின் நேரம் சுருங்குகிறது. இந்தப் பக்கத்தைச் 'சினிமா போல' என்று பாராட்டுவது போதவே போதாது என்று ஆர்ட் ஸ்பீகல்மன் 2002-இல் எழுதினார். நாஜி முகாம்களிலிருந்து தப்பிய தந்தையின் கதையை 'மௌஸ்' என்ற காமிக்ஸாக வரைந்தவர் அவர். அவர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். சினிமாவில் முந்தைய படம் போய்விட்டால் போனதுதான். இங்கே ஓடுகிறவன், விழுகிறவன், கடந்துபோகும் ரயில் எல்லாம் ஒரே தாளில் ஒரே சமயத்தில் கண்முன் நிற்கின்றன.

கடைசியில் கறுப்பு உடுத்தியவரைக் கேட்கிறார்கள். விழுந்தவர் முன்பின் தெரியாத ஆள் என்கிறார். அது உண்மையா பொய்யா? கதை அதோடு முடிந்துவிடுகிறது. எல்லாரும் ஒரே மாதிரி நிரப்பும் இடைவெளிகளை எட்டுப் பக்கமும் கட்டிவிட்டு, கடைசியில் கிழிந்த தாளைப் போல ஒன்றை விட்டுவைத்தார்கள். இதை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்திருந்தால் இன்னொரு வருஷம் சண்டை போட்டிருப்போம்.

ஆகையால் மாணவர்களே, ஒரு காமிக்ஸ் பக்கத்தைப் படிப்பதற்கு முன் கை நீட்டும் தூரத்தில் பிடித்து முழுப் பக்கத்தையும் பாருங்கள். எங்கே கட்டம் ஒல்லியாகிறது, எங்கே அகலமாகிறது, எங்கே எழுத்து நின்றுபோகிறது என்று பாருங்கள். வசனத்துக்குப் பிறகு வாருங்கள்.

இங்கேதான் என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாக்கெட் அளவுப் புத்தகங்கள் வந்த காலத்தில், பெரிய பக்கத்துக்கு வரைந்த வெளிநாட்டுக் கதைகளை வெட்டி, பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டமாக மாற்றி ஒட்டினார்கள். சிறுவர்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்த மலிவால் படித்தவன் நான். கிரிக்ஸ்டீனும் வெட்டினார், ஆனால் ஒரு அடுக்கு முழுவதும் ஒரே பார்வையில் விழவேண்டும் என்பதற்காக வெட்டினார். அந்த ரயில் பக்கத்தைப் பாக்கெட் அளவுக்கு வெட்டினால், விழத் தொடங்குவது ஒரு பக்கத்திலும் விழுந்து முடிவது பின்பக்கத்திலும் போய்விடும். கதை புரியும், நொடி நீளாது.

இன்னொரு குறை பைண்டிங். நான் போகும் ஒரு நூலகத்தில் பழைய காமிக்ஸ் இதழ்களைக் கட்டி வைத்திருந்தார்கள். பார்த்ததும் மகிழ்ச்சி, திறந்ததும் வேதனை. மூன்று பக்கமும் அழகுக்காக வெட்டியதில் ஓரக் கட்டங்கள் போய்விட்டன. உள் விளிம்பைத் தள்ளித் தைத்ததில் பாதிப் படம் முதுகுக்குள் புதைந்துவிட்டது. நாவலுக்கு ஓரம் வெறும் காகிதம். காமிக்ஸுக்கு ஓரமும் கதை.

முதலிரண்டு செய்திகளையும் தனியாக விரித்துச் சொல்ல நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விண்ணப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நூலக அலுவலர் அவர்களே, இந்தக் கட்டடத்தில் காமிக்ஸுக்கு ஒரு அலமாரி வேண்டும். சிறுவர் பகுதியில் அல்ல, ஓவிய நூல்களுக்குப் பக்கத்தில் வேண்டும். பழைய இதழ்களைக் கழிவுத்தாள் ஏலத்தில் போடாமல், வெட்டாமல் தைக்காமல், அட்டைப்பெட்டியில் படுக்கவைத்துப் பாதுகாக்க வேண்டும். கண்டதைக் கற்கத்தான் பண்டிதன் ஆவான். காண்பதற்கே இல்லையென்றால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? இருநூறு கையெழுத்து சேர்ந்தால் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பரணில் பழைய காமிக்ஸ் கிடந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள்.