ஃபில்டர்களைக் கவாத்து செய்வது

வணக்கம். ராஸ்பெர்ரி பை 3 போன்ற சிறிய போர்டில் கன்வல்யூஷன் நெட்வொர்க்கை ஓட்டியவர்களுக்கு அதன் மந்தம் தெரியும். கேமரா முன்னால் ஆள் வந்துபோன பிறகுதான் 'ஆள்' என்று சொல்லும். இதைச் சரிசெய்ய முதலில் நான் செய்தது, மதிப்புக் குறைந்த எடைகளை எல்லாம் பூஜ்யமாக்கியது. பத்தில் ஒன்பது பூஜ்யமாகியும் துல்லியம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஒரு படத்துக்கு ஆகும் நேரமும் குறையவில்லை!

பிராசஸர் பூஜ்யத்தையும் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். அந்த போர்டின் கார்டெக்ஸ் ஏ53 கோர், 32 பிட் எண்கள் நான்கை ஒரே கட்டளையில் பெருக்கும். நான்கில் மூன்று பூஜ்யமானாலும் கட்டளை ஒன்றுதான். பூஜ்யங்களைத் தாண்டிப் போகலாமே என்றால், மிஞ்சிய ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் இடத்தைக் குறித்து வைத்து, நினைவகத்தில் அங்கங்கே தேடிப் போக வேண்டும். மிச்சம் பிடித்த நேரத்தை அந்த அலைச்சலே தின்றுவிடும்.

அதனால் இலைகளைக் கிள்ளாமல் கிளையையே வெட்ட வேண்டும். அதாவது ஃபில்டரை முழுசாக எடுக்க வேண்டும். ரெஸ்நெட் 18-இன் முதல் பகுதியைப் பாருங்கள். ஒரு பிளாக்கில் இரண்டு கன்வல்யூஷன் அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 64 ஃபில்டர்கள். ஓர் அடுக்குக்கு 36,864 எடைகள். படம் 56-க்கு 56 அளவில் இருப்பதால் சுமார் 11 கோடியே 56 லட்சம் பெருக்கல்கள். முதல் அடுக்கில் 32 ஃபில்டர்களை எடுத்தால் அதன் வேலை பாதியாகும். அவற்றின் வெளியீடு இனி வராததால் இரண்டாம் அடுக்கின் வேலையும் பாதியாகும். ஒரு வெட்டுக்கு இரண்டு இடத்தில் லாபம்.

எதை வெட்டுவது? ஃபில்டரின் எடைகளைப் பிளஸ், மைனஸ் குறியை விட்டுவிட்டுக் கூட்டி, தொகை சிறியவற்றை எடுப்பது எளிய வழி. இரண்டாம் அடுக்கின் ஃபில்டர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் வெளியீடு, பிளாக்குக்குள் நுழைந்த 64 சேனல்களோடு கூட்டப்படுகிறது. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் கூட்டல் நடக்காது. மிஞ்சும் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருப்பதும் நல்லது. 33 ஃபில்டர்களை வைத்தால் ஒற்றையாய் நிற்கும் அந்த ஒன்றுக்காக இன்னொரு சுற்று ஓட வேண்டியிருக்கும். வெட்டியதும் துல்லியம் சரியும். அப்புறம் குறைந்த கற்றல் வேகத்தில் சில சுற்றுகள் மறுபயிற்சி கொடுத்தால் பெரும்பகுதி திரும்பி வரும்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பைடார்ச்சின் `ln_structured` ஃபில்டர்களைப் பூஜ்யமாக்குமே தவிர, வெட்டி எடுக்காது. அடுக்கின் `weight.shape` இன்னும் `[64, 64, 3, 3]` என்றே காட்டினால் எதுவும் குறையவில்லை என்று பொருள். `[32, 64, 3, 3]` என்று வரும்படி சிறிய அடுக்கைப் புதிதாகக் கட்டி, மிஞ்சிய எடைகளை அதில் நகலெடுக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பேட்ச் நார்மை 32 ஆக்கவும், இரண்டாம் அடுக்கை `[64, 32, 3, 3]` ஆக்கவும் மறக்காதீர்கள்.

பெருக்கல் பாதியானால் நேரமும் சரிபாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நினைவகத்திலிருந்து எண்களைக் கொண்டுவரும் நேரம் அந்த விகிதத்தில் குறையாது. போர்டிலேயே அளந்து பாருங்கள். முதல் சில ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல், `vcgencmd measure_temp` காட்டும் வெப்பத்தையும் கவனியுங்கள். 80 டிகிரியை நெருங்கினால் போர்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவாத்து செய்த நெட்வொர்க் பழையதைவிட மெதுவாக ஓடுவதுபோல் தெரியும்.