பத்து இலக்கம், ஆனால் ஆயிரம் கோடி எண்கள் இல்லை

வணக்கம். வட அமெரிக்க எண் திட்டத்தில் எத்தனை தொலைபேசி எண்கள் பிறக்க முடியும் என்று பார்ப்போம். பத்து இலக்கம் என்றதும் பலர் ஆயிரம் கோடி என்பார்கள். விதிகளைப் படித்தால் அதில் பாதி கரைந்துவிடுகிறது.

அமெரிக்கா, கனடா உள்ளிட்ட நாடுகளுக்கான நாட்டுக் குறியீடு 1. அது மாறாதது, ஒரே ஒரு தேர்வு என்பதால் பெருக்கலில் அதற்கு எந்த வேலையும் இல்லை. அதன்பின் மூன்று இலக்கப் பகுதிக் குறியீடு, மூன்று இலக்க இணைப்பகக் குறியீடு, கடைசியில் நான்கு இலக்கம்.

பின்னாலிருந்து வருவோம். கடைசி நான்கு இலக்கங்களுக்குத் தடையே இல்லை: 10,000. இணைப்பகக் குறியீடு 0, 1 ஆகியவற்றில் தொடங்கக் கூடாது. ஆகவே 8 × 10 × 10 = 800. அவற்றில் 211, 911 போல 11 என்று முடியும் எட்டும் சேவை எண்கள். அவை போக 792. எனவே ஒரு பகுதிக் குறியீட்டுக்குள் 79,20,000 எண்கள். 555 போன்ற சில குறியீடுகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. இங்கே அவற்றைக் கழிக்கவில்லை.

சுவாரசியம் பகுதிக் குறியீட்டில்தான். இங்கும் முதல் இலக்கம் 2 முதல் 9 வரை. நடு இலக்கம் 9 ஆகக் கூடாது. வருங்கால விரிவாக்கத்துக்காக அதை ஒதுக்கியிருக்கிறார்கள். 8 × 9 × 10 = 720. அடுத்து, 800, 911 போலக் கடைசி இரண்டு இலக்கமும் ஒன்றாக இருப்பவை ஊர்களுக்குக் கிடையாது, சிறப்புச் சேவைகளுக்கு. அவை எத்தனை? முதல் இலக்கத்துக்கு 8, இரட்டைக்கு 10, ஆக 80 என்று கழித்தால் தவறு. 299, 399 போன்ற எட்டும் நடு இலக்கம் 9 என்பதால் முன்பே வெளியேறிவிட்டன. கழிக்க வேண்டியது 72. மீதி 648.

37, 96 என்று தொடங்கும் இரண்டு பத்துகளும் ஒதுக்கப்பட்டவை. இங்கும் அதே பொறி: 377, 966 இரண்டையும் சற்றுமுன் கழித்தாயிற்று. எனவே 20 அல்ல, 18. மீதி 630.

கழித்தலில் சந்தேகம் வந்தால் நான் கணினியிடம் ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லிவிடுவேன். திரையில் பாருங்கள்:

```
print(sum(1 for n in range(200, 1000)
  if n//10%10 != 9
  and n//10%10 != n%10
  and n//10 not in (37, 96)))
```

630 என்றே வருகிறது. வேறு எண் வந்திருந்தால், பெரும்பாலும் எதையோ இருமுறை கழித்திருப்போம்.

630 × 79,20,000 = 498 கோடியே 96 லட்சம். இது ஊர்களுக்கான எண்களின் உச்சவரம்பு மட்டுமே. எண்களை நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றாகத் தருவதில்லை. பத்தாயிரம் அல்லது ஆயிரம் கொண்ட தொகுதிகளாகத் தருகிறார்கள். ஒரு சிறு நிறுவனம் தன் தொகுதியில் இருநூறு எண்களையே பயன்படுத்தினாலும், மிச்சம் வேறு யாருக்கும் போகாமல் அங்கேயே கிடக்கிறது. கணக்கு காட்டும் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே ஒரு பகுதிக்குப் புதிய குறியீடு தேவைப்படுவது இதனால்தான்.