உப்புக்கஞ்சியும் ஒரு கழித்தல் கணக்கும்

அனைவருக்கும் வணக்கம். போர் நினைவு பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் பேசப்போவது ஒரு கஞ்சியைப் பற்றி.

ஒவ்வோர் ஆண்டும் மே 12 முதல் 18 வரை, வடக்கு கிழக்கு இலங்கையில் கோயில் வாசலிலும் சந்தியிலும் பெரிய பானை வைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். கொஞ்சம் அரிசி, நிறையத் தண்ணீர், உப்பு. பல இடங்களில் அதைச் சிரட்டையில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். போகிற வருகிறவர்கள் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். இதுதான் முள்ளிவாய்க்கால் கஞ்சி. சுவையாக இருக்காது. சுவையாக இருந்தால் அது வேறு கஞ்சி.

2009-இல் முல்லைத்தீவுக் கடற்கரையின் ஒடுங்கிய மணல் துண்டில் அடைபட்ட சனங்களுக்குக் கடைசி வாரங்களில் கிடைத்த சாப்பாடு இது. கஞ்சி வாங்க வரிசையில் நின்றவர்கள் மீதும் எறிகணை விழுந்திருக்கிறது. சரி, ஏன் கஞ்சி என்ற நிலை வந்தது? சண்டை நடக்கும் இடத்தில் அரிசி கிடைக்காது என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி ஓர் எண்ணிக்கையில் இருக்கிறது. உள்ளே சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் அரசு சொன்னது. உள்ளே இருந்த அரச அதிகாரிகள் சொன்ன தொகை அதைவிடப் பல மடங்கு. தாளில் தலைகள் குறைந்தால், கப்பலில் வரும் மூட்டைகளும் குறையும். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவும் 2011 அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது.

அந்தத் தலைக்கணக்கு அதோடு முடியவில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், அரசே அமைத்த ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச பதிவுகள் காட்டிய மக்கள் 4,29,059. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். இத்தனை பேர் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்டார். மேடைகளில் இந்த எண்ணை அப்படியே இறந்தவர் தொகையாகச் சொல்லிவிடுகிறோம். அது அவருடைய கேள்வியை நாமே அடைத்துவிடுவது.

கல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். அனுமதி பெறாத கட்டுமானம் என்பது சொன்ன காரணம். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். மாணவர்கள் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டது கஞ்சி குடித்து. சில மாதங்களில் தூபி திரும்ப எழுந்தது. ஒரே இரவில் தள்ளிவிடக்கூடியது தூபி. சமையல் முறையை எப்படி இடிப்பது? ஆனால் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கலாம். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூர்ப் பொலிஸ் பிரிவில், கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்களும் ஓர் ஆணும் கைதாகிச் சில நாள் விளக்கமறியலில் இருந்தார்கள்.

இதற்காகக் கஞ்சியைப் புகழ்ந்துவிட்டு இறங்கிவிட முடியாது. பொதுப் பானை பசியை நினைவில் வைத்திருக்கும், பெயர்களை வைத்திருக்காது. இன்னொன்றும் உண்டு, நம் மேடைகளில் அதிகம் கேட்காதது. 1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக் கதை. மே மாதக் கூட்டங்களில் அந்தக் கதைக்கு நாம் இடம் வைக்கவில்லை.

கஞ்சிக்கு எட்டாத இடம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடு. செத்தவருக்குத் திதி உண்டு. அன்றைக்குப் படையல் வைக்கலாம். இராணுவத்திடம் கையளித்த மகன் திரும்பவில்லை என்றால் எந்தத் திதி? படத்துக்கு மாலை போட்டால் செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அரசு இதற்கென ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது: மரணச் சான்றிதழ் அல்ல, ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழ். வங்கிக் கணக்கு, காணி போன்றவற்றுக்கு அது உதவும். பல தாய்மார் அதையும் வேண்டாம் என்கிறார்கள். வாங்கினால் தேடல் முடிந்துவிடும் என்ற பயம். கிளிநொச்சியில் அவர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களுக்குத் திதி இருக்கிறது, அவர்கள் தேடிய பிள்ளைகளுக்கு இன்னும் இல்லை.